ஆண்டுக் கட்டணமும் அறுவடைக் காலமும்: தர்மபுரத்து மாதச் சம்பள வீடொன்றின் கடனட்டைக் கணக்கு

கடனட்டையின் ஆண்டுக் கட்டணம் கட்டுபடியாகுமா என்று பார்க்க, கட்டணத்தை ஒரு பக்கமும் சலுகைப் புள்ளிகளை மறுபக்கமும் எழுதிக் கழிப்பதே வழக்கம். அந்தக் கழித்தலில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. வீட்டின் முழுச் செலவும் அட்டையில் ஏறும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் உள்ள தர்மபுரத்தில் அப்படி நடப்பதில்லை.

மனைவி ஆசிரியை, கணவர் நெற்செய்கை, படிக்கும் பிள்ளைகள் இருவர் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. வாசகர் தம் கணக்குக்கூற்றைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மாதச் செலவு 70,000 ரூபா. மீன், ரியூசன் காசு, பஸ், வயற்கூலி எல்லாம் கைக்காசு. சந்திக் கடைச் சாமான் கொப்பியில் ஏறும். அட்டைக்கு வருவது 25,000 ரூபாதான்: கிளிநொச்சிப் பல்பொருள் அங்காடியில் 12,000, பெற்றோல் 6,000, மின்சாரமும் தொலைபேசியும் 5,000, மருந்து 2,000.

ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபா என்போம். நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளியின் பெறுமதி 50 சதம். ஆண்டுக்கு மூன்று இலட்சம் செலவிட்டால் 1,500 ரூபா கிடைக்கும் என்றே தோன்றும். ஆனால் எரிபொருளுக்கும் கட்டணப் பட்டியல்களுக்கும் புள்ளி இல்லை என்று பல அட்டைகளின் நிபந்தனைகள் சொல்கின்றன. அவற்றைக் கழித்தால் மாதம் 14,000 ரூபாவுக்கே புள்ளி. ஆண்டு முழுவதும் 840 ரூபா.

விலைக்கழிவுதான் அட்டையின் பெரிய கவர்ச்சி. அது குறித்த நாட்களில், பெரும்பாலும் மரக்கறி, பழம் போன்றவற்றுக்கு, ஓர் உச்சத்தொகை வரை கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்த வீடு வெண்டியும் கத்தரியும் வளவிலிருந்தே பறிக்கிறது. அங்காடியில் வாங்குவது பால்மா, சவர்க்காரம், பருப்பு. 12,000 ரூபாவில் கழிவுக்குரியது 1,500 ரூபா என்றால், 20 வீதத்தில் 300 ரூபா. அந்த நாளுக்கென்று யாரும் பஸ் ஏறிப் போவதில்லை. போகிற நாளில் கழிவு இருந்தால் சரி. ஆண்டில் ஆறு தடவை பொருந்தினால் 1,800 ரூபா.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அட்டை என்றதும் சில கடைகளில் மேலதிகமாக இரண்டரை வீதம் போட்டுக் கேட்பார்கள். அப்படி அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருந்தாலும், காய்ச்சல் பிள்ளையோடு மருந்துக்கு நிற்பவர் வாதாட மாட்டார். மருந்துக் கடையில் மட்டும் இது நடந்தாலும் ஆண்டுக்கு 600 ரூபா போய்விடும். அரை வீதப் புள்ளிக்காக இரண்டரை வீதம் கொடுப்பது இலாபமில்லை. அங்கே கைக்காசே மேல். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நிகர வரவு 2,040 ரூபா. கட்டணத்துக்கு இன்னும் 960 ரூபா குறைகிறது.

ஆகவே முடிவு கட்டண விலக்கிலேயே தங்கியிருக்கிறது. ஆண்டில் ஐந்து இலட்சம் செலவிட்டால் விலக்கு என்று நிபந்தனை இருந்தால், இவ்வீட்டுக்கு இரண்டு இலட்சம் பற்றாது. எப்படியும் வாங்கவிருந்த குளிர்சாதனப் பெட்டியை அட்டையில் வாங்கி இடைவெளியைக் குறைக்கலாம். மீதியை நிரப்பத் தேவையில்லாத 50,000 ரூபாவைச் செலவழித்து 3,000 ரூபாவை மீட்பதை விலக்கு என்று சொல்ல முடியாது. கட்டணம் பதிவாகுமுன் வங்கியை அழைத்து, இல்லாவிட்டால் அட்டையை நிறுத்துவேன் என்று சொல்லிக் கேட்பது இதைவிட மலிவான வழி. விலக்குக் கிடைத்தால் 2,040 ரூபாவும் மிச்சம்.

அந்த மிச்சம் நிற்குமா என்பதைப் பயிர்க்காலமே தீர்மானிக்கிறது. பெரும்போக நெல் மாசி, பங்குனியில்தான் காசாகும். பசளைக்கும் களைகொல்லிக்கும் அதற்கு முந்திய மாதங்களில் பணம் வேண்டும். அட்டைக் கட்டுப்பணம் பிந்துவது அப்போதுதான். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 28 வீத உச்சவரம்பை வைத்தது. அந்த வீதத்தில் 20,000 ரூபா நிலுவைக்கு மாத வட்டி 467 ரூபா. நிலுவை நின்றால் வட்டியில்லாக் காலமும் போய்விடும். புதிதாக வாங்கும் 25,000 ரூபாவுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சராசரி அரை மாதம் என்றால் அது ஏறத்தாழ 292 ரூபா. இப்படி இரண்டு மாதம் போனால் 1,518 ரூபா. தாமதக் கட்டணம் வேறு. ஆண்டு முழுக்கச் சேர்த்ததில் 522 ரூபாவே எஞ்சும், அதுவும் கட்டண விலக்குக் கிடைத்திருந்தால்.

ஆசிரியையின் சம்பளம் மட்டுமே 25,000 ரூபாவை மாதாமாதம் முழுதாகக் கட்டப் போதுமென்றால், விலக்குக் கிடைக்கும் ஆண்டுகளில் அட்டையை வைத்திருக்கலாம். வயலுக்கான காசு அதே சம்பளத்திலிருந்து போகிற வீட்டில், கார்த்திகை முதல் தை வரை அட்டையை அலுமாரியில் வைத்துவிட்டு வரவட்டையால் கட்டுவது நல்லது. விலக்கு மறுக்கப்பட்டால், சேர்ந்த புள்ளிகளை முதலில் மாற்றிக்கொண்டு, கட்டணம் பதிவாகுமுன் எழுத்தில் கொடுத்து அட்டையை மூடி, நிலுவை பூச்சியம் என்ற கடிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.