வாந்தியின் நிறம்: பச்சை, கோப்பித்தூள், இரத்தம்

வாந்தி எடுத்தவரிடம் வைத்தியர் முதலில் கேட்பவற்றில் ஒன்று, "என்ன நிறத்தில் வந்தது?" என்பது. யுத்தக் காயங்களோடு வாழ்பவர்கள் இந்தக் கேள்வியைக் கூடுதல் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் பழைய சத்திரசிகிச்சைத் தழும்பு, சிதறல் நோவுக்குத் தினமும் போடும் குளிசை, இரண்டுமே வாந்தியின் நிறத்தோடு தொடர்புடையவை.

பச்சை நிறம் பித்தநீரால் வருவது. வெறும் வயிற்றில் பல தடவை வாந்தி எடுத்தால் கடைசியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கொஞ்சம் வரலாம். அது மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை.

ஆனால் 2009 இல் வயிற்றில் எறிகணைச் சிதறல் பட்டு, குடல் தைக்கப்பட்ட ஒருவரை உதாரணத்துக்கு எடுப்போம். வெளிக்காயம் ஆறினாலும், உள்ளே தழும்புத் திசுக்கள் நார்போல வளர்ந்து குடலை ஒட்டிப் பிடித்திருக்கும். பதினைந்து வருடங்கள் கழித்தும் அதில் குடல் சிக்கி அடைபடலாம். நோவு அலை அலையாக வரும், வயிறு ஊதும், காற்றும் மலமும் போகாது, வாந்தி பச்சையாக வரும். வீட்டில் இதை "வாயு" என்று சொல்லி சோடாவும் பேதி மருந்தும் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. விட்டு விட்டு வந்த நோவு ஓயாத நோவாக மாறினால் குடலுக்கு இரத்தம் போவது தடைப்பட்டிருக்கலாம்; அதன் பிறகு நேரம் மணிக்கணக்கில்தான். வைத்தியசாலையில் பழைய சத்திரசிகிச்சையைக் கட்டாயம் சொல்லுங்கள். பச்சைக் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், தழும்பு எதுவும் இல்லாவிட்டாலும் உடனே கொண்டுபோக வேண்டும்.

கோப்பித்தூள் போன்ற வாந்தி, இரைப்பை அமிலத்தில் ஊறிக் கறுத்த இரத்தம். சிவப்பு இல்லையே என்று பலர் விடியும்வரை காத்திருக்கிறார்கள். மெதுவாகக் கசிந்தாலும் அது இரத்தப்போக்குத்தான். முதுகில் தங்கிய சிதறலுக்காக டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவற்றைப் பாமசியில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்களுக்கு இரைப்பைப் புண் வந்து இப்படி ஆகலாம். பெனடோல் இந்த வகைக் குளிசை அல்ல. தார் போல ஒட்டும் கறுப்பு மலம், எழும்பும்போது தலைச்சுற்று இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கணிசமாகப் போயிருக்கிறது என்று எடுக்க வேண்டும். போடும் குளிசை மட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர் அதைப் பற்றி அங்கேயே கேட்கட்டும்.

சிவப்பு இரத்தமோ கட்டியோ வந்தால் யோசிக்க நேரமில்லை. நீண்டகாலம் கசிப்பு, சாராயம் குடித்து ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாய் நரம்புகள் புடைத்து வெடித்து, சில நிமிடங்களில் பெருமளவு இரத்தம் போய்விடலாம். ஆளை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோவது வேண்டாம், வழியில் மயங்கி விழுவார். 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரையில் வாந்தியை ஒரு படம் எடுத்து வையுங்கள். "கொஞ்சம்", "நிறைய" என்று சொல்வதைவிட அது வைத்தியருக்கு உதவும்.