முப்படிச் சமன்பாட்டில் இருபடி உறுப்பை நீக்கல்: த கோயின் இரு வினாக்களை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

முப்படிச் சமன்பாட்டின் பொதுத்தீர்வு வரலாற்றில், தெரியா எண்ணை ஒரு குறிப்பிட்ட அளவு நகர்த்தி இருபடி உறுப்பை நீக்கும் படிநிலை சிறியதொரு ஆயத்தமாகவே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. 1530ஆம் ஆண்டு தார்த்தாலியாவுக்கு அனுப்பப்பட்ட இரு வினாக்களை இக்கட்டுரை அப்படிநிலையின் வழியே தீர்த்துப் பார்க்கிறது. நகர்த்தலின் விளைவாகக் கிடைக்கும் சமன்பாடு, தெல் ஃபெர்ரோ அறிந்திருந்த வகைக்குள் இவ்விரு வினாக்களிலும் அடங்குவதில்லை என்பதும், ஆகவே நகர்த்தலும் மூவகை விதிகளும் ஒன்றையொன்று சார்ந்தே பயன் தந்தன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முப்படிச் சமன்பாடு, இருபடி உறுப்பு, நகர்த்தல், தார்த்தாலியா, கார்தானோ, ஆர்ஸ் மாக்னா.

முன்னுரை

x³ + bx² + cx + d = 0 என்னும் சமன்பாட்டில் x = y − b/3 எனப் பிரதியிட்டால் y² உறுப்பு மறைந்து y³ + py + q = 0 என்னும் வடிவம் கிடைக்கும். இன்றைய பாடநூல்கள் இதனை ஒரே வரியில் கூறிவிட்டு அடுத்த படிக்குச் செல்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியக் கணிதர்களுக்கு இது ஒரே வரியாக இருக்கவில்லை. அவர்கள் தெரியா எண்ணைப் ‘பொருள்’ எனப் பொருள்படும் ‘கோசா’ என்ற சொல்லால் அழைத்தனர். கெழுக்கள் யாவும் மிகை எண்களாக இருக்கவேண்டும் எனக் கொண்டனர். எனவே, ‘கனமும் பொருளும் எண்ணுக்குச் சமம்’ என்பதும் ‘கனம், பொருளுக்கும் எண்ணுக்கும் சமம்’ என்பதும் அவர்களுக்கு வெவ்வேறு இனங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனி விதி வேண்டும். இப்பின்னணியை மறந்து நகர்த்தலை மதிப்பிட்டால் அதன் வரலாற்றுப் பங்கு நமக்குத் தென்படாது.

1530ஆம் ஆண்டின் இரு வினாக்கள்

பிரெஷா நகரைச் சேர்ந்த சூவான்னே த கோய் என்பவர் 1530இல் நிக்கோலோ தார்த்தாலியாவுக்கு இரு வினாக்களை அனுப்பினார். முதல் வினா, ஓர் எண்ணை அதன் வர்க்கமூலத்துடன் 3 கூட்டிவரும் தொகையால் பெருக்கினால் 5 வரவேண்டும் என்பது. வர்க்கமூலத்தை x எனக் கொண்டால் அது x³ + 3x² = 5 ஆகும். இரண்டாம் வினா, ஒன்றைவிட அடுத்தது 2 மிகுதியாக அமைந்த மூன்று எண்களின் பெருக்குத்தொகை 1000 ஆகவேண்டும் என்பது. முதல் எண்ணை x எனக் கொண்டால் x(x + 2)(x + 4) = 1000, அதாவது x³ + 6x² + 8x = 1000 ஆகும். இரண்டிலும் இருபடி உறுப்பு இருப்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு முன்பே பொலோன்யா பல்கலைக்கழகத்தின் ஷிப்பியோனே தெல் ஃபெர்ரோ x³ + px = q என்னும் வகைக்கு விதி கண்டிருந்தார். 1526இல் அவர் மறைந்தபின் அவ்விதி அவருடைய மாணவர் ஃபியோரிடம் இருந்தது. 1535இல் தார்த்தாலியாவுடன் நடந்த போட்டியில் ஃபியோர் முன்வைத்த 30 வினாக்களும் இந்த ஒரே வகையைச் சார்ந்தவையே. இவ்விதியைக் கையில் வைத்திருந்தவர் நகர்த்தலையும் அறிந்திருந்தால் த கோயின் வினாக்களைத் தீர்த்திருக்க முடியுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நடு எண்ணைத் தேர்தல்

இரண்டாம் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். நகர்த்தலின் பொருள் இங்குத் தெளிவாகத் தெரிகிறது. மூன்று எண்களுள் முதலாவதைத் தெரியா எண்ணாகக் கொண்டதாலேயே இருபடி உறுப்பு தோன்றியது. நடு எண்ணை y எனக் கொண்டால் மற்ற இரண்டும் y − 2, y + 2 ஆகும். அவற்றின் பெருக்குத்தொகை y³ − 4y. எனவே y³ = 4y + 1000 எனக் கிடைக்கிறது. இங்கு x = y − 2 என்பது தானே அமைந்துவிட்டது; 2 என்பது இருபடிக் கெழுவான 6இன் மூன்றில் ஒரு பங்கு. மூன்று காரணிகளின் சராசரியை அளவைப் புள்ளியாகக் கொள்ளும்போது, ஒருபுறம் மிகுவதும் மறுபுறம் குறைவதும் ஈடுசெய்துகொள்வதால் இருபடி உறுப்பு நிற்பதில்லை. பொதுநிலையிலும் காரணம் இதுவே: மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை −b, அவற்றின் சராசரி −b/3, அச்சராசரியிலிருந்து அளந்தால் புதிய மூலங்களின் கூட்டுத்தொகை சுழியாகிவிடுகிறது.

கனத்தை நிறைவுசெய்தல்

முதல் வினாவில் சராசரி அவ்வாறு வெளிப்படையாக இல்லை. அதனை அக்காலத்தாருக்குப் பழக்கமான வடிவியல் வழியில் அணுகலாம். x பக்கமுடைய ஒரு கனசதுரத்தின் மூன்று முகங்களில் 1 அலகு தடிப்புள்ள பலகைகளை ஒட்டினால் மொத்தக் கனஅளவு x³ + 3x² ஆகும். இது 5 எனத் தரப்பட்டுள்ளது. பலகைகளுக்கு இடையே x நீளமுள்ள மூன்று கோல்களுக்கும் மூலையில் ஓர் அலகுக் கனசதுரத்துக்கும் இடம் காலியாக உள்ளது. அவற்றையும் நிரப்பினால் x + 1 பக்கமுடைய முழுக் கனசதுரம் அமையும். ஆகவே (x + 1)³ = 5 + 3x + 1. x + 1 என்பதை y எனக் கொண்டால் 3x = 3y − 3 ஆகும்; எனவே y³ = 3y + 3.

இருபடிச் சமன்பாட்டில் வர்க்கத்தை நிறைவுசெய்யும் முறையோடு இதனை ஒப்பிடலாம். x² + 6x = 16 என்பதில் 9ஐக் கூட்டினால் (x + 3)² = 25 எனக் கிடைத்து வேலை முடிந்துவிடுகிறது. முப்படியில் முடிவதில்லை, கோல்களின் கனஅளவு தெரியா எண்ணைச் சார்ந்திருப்பதால் ஒருபடி உறுப்பு எஞ்சிவிடுகிறது. நகர்த்தல் முதற்படியாக மட்டுமே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எஞ்சிய சமன்பாட்டைத் தீர்க்க y = u + v எனப் பிரிக்கவேண்டும். (u + v)³ = 3uv(u + v) + u³ + v³ என்னும் முற்றொருமையில் கனம், ஒருபடி, எண் ஆகிய மூன்று உறுப்புகளே உள்ளன. y³ = 3y + 3 என்பதோடு இதனை உறுப்புக்கு உறுப்பு பொருத்தினால் uv = 1, u³ + v³ = 3 எனக் கிடைக்கும். இருபடி உறுப்பு எஞ்சியிருந்தால் இப்பொருத்தம் நிகழாது. கூட்டுத்தொகை 3, பெருக்குத்தொகை 1 ஆகிய இரு எண்களைக் காண்பது எளிய இருபடிக் கணக்கு. அவை ஏறத்தாழ 2.6180, 0.3820. இவற்றின் கனமூலங்கள் 1.3783, 0.7256. எனவே y ≈ 2.1039, x ≈ 1.1039. இதனை மூலச் சமன்பாட்டில் இட்டால் 1.345 + 3.656, அதாவது ஏறத்தாழ 5 கிடைக்கிறது.

கணக்கிடுவோர் இங்கு வழுவக்கூடிய இடங்கள் இரண்டு. x = y + 1 எனக் குறியை மாற்றி எழுதினால் இருபடி உறுப்பு நீங்குவதற்குப் பதிலாக 6y² என இரட்டிப்பாகும். இறுதியில் 1ஐக் கழிக்க மறந்தால் y மதிப்பே விடையாகிவிடும். மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் பிழை உடனே வெளிப்படும்.

நகர்த்தல் சென்றடையும் இனம்

இவ்விரு வினாக்களும் y³ = 4y + 1000, y³ = 3y + 3 என முடிகின்றன. இரண்டும் ‘கனம், பொருளுக்கும் எண்ணுக்கும் சமம்’ என்னும் இனத்தவை. தெல் ஃபெர்ரோவின் ‘கனமும் பொருளும் எண்ணுக்குச் சமம்’ என்னும் இனத்தவை அல்ல. முதல் வினாவில் இது தற்செயலன்று. x³ + bx² = N என்பதை நகர்த்தினால் y³ = (b²/3)y + (N − 2b³/27) எனப் பொதுவாகக் கிடைக்கிறது. b²/3 எப்போதும் மிகை எண்ணாதலால், இவ்வகைச் சமன்பாடு எதுவும் தெல் ஃபெர்ரோவின் இனத்தைச் சென்றடையாது. x உறுப்பும் உடன் இருந்து அதன் கெழு b²/3ஐ விட மிகுந்தால் மட்டுமே அவ்வினம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, x³ + 6x² + 20x = 100 என்பது x = y − 2 என்னும் நகர்த்தலால் y³ + 8y = 124 ஆகிறது.

மேலும், வலப்புற எண்ணை மட்டும் மாற்றினாலும் இனம் மாறுகிறது. x³ + 3x² = N என்பது y³ = 3y + (N − 2) ஆகும். N = 5 எனில் மேற்கண்ட இனம். N = 1 எனில் y³ + 1 = 3y என மூன்றாவது இனம். ஆகவே, நகர்த்தலை அறிந்தவருக்கு ஒரு விதி போதாது. இருபடி உறுப்பற்ற மூன்று இனங்களின் விதிகளும் வேண்டும். அம்மூன்று விதிகளைத்தான் தார்த்தாலியா 1539இல் செய்யுள் வடிவில் ஜிரோலமோ கார்தானோவிடம் கூறினார். 1545இல் நூரம்பெர்கில் வெளிவந்த ‘ஆர்ஸ் மாக்னா’ நூலில் கார்தானோ முப்படியின் 13 இனங்களுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இருபடி உறுப்புடைய இனங்கள் அம்மூன்றின்மீது கட்டப்பட்டவை.

நகர்த்தலின் எல்லை

N மதிப்பு 0க்கும் 4க்கும் இடைப்பட்டால் வேறொரு தடை எழுகிறது. N = 3 எனில் y³ = 3y + 1. இங்கு u³ + v³ = 1, uv = 1; வர்க்கமூலத்தின் கீழ் 1/4 − 1, அதாவது குறை எண் வருகிறது. ஆயினும் y ≈ 1.8794, x ≈ 0.8794 என்னும் மெய்யான தீர்வு உள்ளது. 1539 ஆகஸ்டில் கார்தானோ தார்த்தாலியாவுக்கு எழுதிய கடிதத்தில் x³ = 9x + 10 என்னும் சமன்பாட்டைக் காட்டி எழுப்பிய ஐயம் இத்தகையதே. நகர்த்தல் இத்தடையை உண்டாக்குவதுமில்லை, நீக்குவதுமில்லை; மூலங்களை ஒருசேர இடம்பெயர்க்கிறதே அன்றி அவற்றுக்கிடையேயான தொலைவுகளை அது மாற்றுவதில்லை. மூன்று மூலங்களும் வெவ்வேறு மெய்யெண்களாக உள்ள இடத்திலெல்லாம் தடை தோன்றும். த கோய் 5 என்னும் எண்ணைத் தேர்ந்ததால் அவ்வினா தடைக்கு வெளியே நின்றது.

முடிவுரை

தெல் ஃபெர்ரோவின் விதியும் நகர்த்தலும் ஒருசேரக் கையில் இருந்திருந்தாலும் த கோயின் இரு வினாக்களும் தீர்ந்திரா என்பது மேற்கண்ட கணக்கீடுகளால் தெளிவாகிறது. மற்ற இரு இனங்களின் விதிகள் கிடைத்த பின்னரே நகர்த்தல் முழுப் பயன் தந்தது. நகர்த்தல் இல்லாதவிடத்து அவ்விதிகளும் மூன்று இனங்களோடு நின்றிருக்கும். பின்னர் பிரான்சுவா வியத் கெழுக்களை எழுத்துகளால் குறித்தார். குறை எண்களும் கெழுக்களாக ஏற்கப்பட்டபோது 13 இனங்களும் ஒன்றாயின. நாம் இன்று ஒரே வரியில் எழுதும் x = y − b/3 என்பது அவ்விணைப்பின் பிந்தைய வடிவம். அதனைக் கார்தானோவின் காலத்துக்கு அப்படியே ஏற்றிக் கூறினால், 1530க்கும் 1545க்கும் இடையில் கணிதர்கள் உண்மையில் எங்கே தடைப்பட்டு நின்றனர் என்பது மறைந்துபோகும்.