குடியைத் திடீரென நிறுத்தினால் மூன்றாம் நாளில் வரும் ஆபத்து

தைப்பூச விரதத்துக்காக மாலை போட்ட அன்றே, தினமும் குடித்துவந்த சம்சுவை ஒருவர் அடியோடு விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 45. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் குடிப்பவர். அண்மைக் காலமாகக் காலையில் எழுந்ததும் ஒரு மடக்கு போட்டால்தான் கை நிதானத்துக்கு வரும்.

கடைசியாகக் குடித்தது ஞாயிறு இரவு பத்து மணிக்கு. திங்கள் காலை பெரட்டுக்குப் போகும்போதே விரல்கள் நடுங்குகின்றன. மலைக்குளிரிலும் சட்டை வியர்வையில் நனைகிறது. நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாத பயம். அன்றிரவு தூக்கமும் இல்லை. செவ்வாய் விடியற்காலையில் வலிப்பு வந்து ஓரிரு நிமிடத்தில் அடங்குகிறது. வீட்டார் முகத்தில் தண்ணீர் தெளித்துப் படுக்க வைக்கிறார்கள். பகலில் கொஞ்சம் தெளிந்ததுபோல் தோன்றுவதால் 'சரியாகிவிட்டது' என்று நினைக்கிறார்கள்.

புதன் இரவு நிலைமை மாறுகிறது. போர்வையில் பூச்சி ஓடுவதாகச் சொல்லித் தட்டிவிடுகிறார். சுவர் ஓரம் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். தேயிலை வெட்டுவதுபோல் கைகளை அசைக்கிறார். எந்த நாள், எந்த இடம் என்று கேட்டால் தெரியவில்லை. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. சாமி வந்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். மருத்துவத்தில் இதன் பெயர் டெலிரியம் ட்ரெமென்ஸ். பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பின் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரும். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

காரணம் மூளையில் இருக்கிறது. மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். பிரேக்கை மிதித்தபடியே தாப்பா சாலையில் ஏறும் லாரியை நினைத்துப் பாருங்கள். வேகம் குறையாமல் இருக்க ஓட்டுநர் எண்ணெயை இன்னும் அழுத்துவார். ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் மூளையும் மதுவை ஈடுகட்டத் தன் வேகத்தை அப்படிக் கூட்டி வைத்திருக்கிறது. மது ஒரே நாளில் நின்றால் பிரேக் மட்டும் விடுபடும், அழுத்திய கால் அப்படியே இருக்கும். நடுக்கம், வியர்வை, பதற்றம், வலிப்பு எல்லாம் அந்தக் கட்டுக்கடங்காத வேகம்தான். மனவலிமை இல்லாததால் வருவதல்ல. சில நாளில் மூளை பழைய நிலைக்கு வரும். அதுவரை தாங்குவதுதான் சிக்கல்.

2020 மார்ச் இறுதியில் கொரோனா முடக்கத்தால் கேரளாவில் மதுக்கடைகள் மூடியபோது இது பெரிய அளவில் தெரிந்தது. திடீரென நின்றவர்களின் அவதியைக் கண்ட மாநில அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மருத்துவர்களின் எதிர்ப்பு நியாயமானது, ஏனென்றால் இதற்குச் சரியான மருந்து ஏற்கெனவே இருக்கிறது.

அது டயஸெபாம் வகை மாத்திரை. விடுபட்ட பிரேக்கின் வேலையை அது செய்கிறது. முதல் நாள் கூடுதலாகத் தொடங்கி, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதோடு வைட்டமின் பி1 ஊசியும் உண்டு. நாட்பட்ட குடிகாரருக்கு அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் சர்க்கரை டிரிப் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். டயஸெபாமை பக்கத்து வீட்டில் வாங்கிப் போடுவது ஆபத்து. ஈரல் கெட்டவருக்கு அளவு மாறும். குடியோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடும்.

அதனால் தினமும் அதிகம் குடிப்பவர், அதிலும் காலையிலேயே தேவைப்படுபவர், மாலை போடும் நாளுக்கு முன்பே கிளினிக்கில் பேசி மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் வீட்டில் முயலவே கூடாது. ஒவ்வொரு முறையும் விளைவு கடுமையாகலாம். நிறுத்திய பிறகு வலிப்பு, குழப்பம், காய்ச்சல் மூன்றில் ஒன்று வந்தாலும் 999-ஐ அழைக்க வேண்டும், அல்லது தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பின்போது வாயில் கரண்டியோ சாவியோ வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அறையில் பூட்டுவதும் கட்டிப்போடுவதும் கூடாது.

விரதம் இல்லாமலும் இது வரும். கால் முறிந்து வார்டில் படுத்தவருக்கும் அன்றிலிருந்து குடி நின்றுவிடுகிறதே! வெட்கப்பட்டு 'அவர் குடிக்க மாட்டார்' என்று குடும்பம் சொன்னால், மூன்றாம் நாள் அவர் டிரிப்பைப் பிடுங்கும்போது டாக்டர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். வார்டில் சேர்க்கும்போதே என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் மருந்தை அன்றே தொடங்கலாம்.