மத்திய வங்கி ஏன் அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கக்கூடாது?

பொருளாதார நெருக்கடி பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று: "காசு அச்சடிக்கிறது அவையின்ர கையிலதானே, எங்கட வீட்டுத்திட்டத்துக்கு அச்சடிச்சுத் தந்தால் என்ன?" நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டத்தின் 86ஆம் பிரிவில் இருக்கிறது. அரசுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ கடன் கொடுப்பதையும், அரசு வெளியிடும் பிணையங்களை முதனிலைச் சந்தையில் வாங்குவதையும் அந்தப் பிரிவு தடை செய்கிறது.

முதனிலைச் சந்தை என்பது ஏலம். வருமானம் போதாதபோது அரசு திறைசேரி உண்டியல்களை விற்றுக் கடன் பெறுகிறது. 91, 182, 364 நாட்களில் முதிரும் இந்த உண்டியல்களின் ஏலம் வழமையாகப் புதன்கிழமைகளில் நடக்கும். வங்கிகளும் முதனிலை வணிகர்களும் எவ்வளவு வட்டிக்கு வாங்கத் தயார் என்று விலை கூறுவார்கள்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அரசுக்கு 1,000 கோடி ரூபா தேவை. 12 வீத வட்டிக்கு 600 கோடிக்குத்தான் ஆட்கள் இருக்கிறார்கள். மீதி 400 கோடிக்கு 18 வீதம் கேட்கிறார்கள். அதை வங்கிகள் வாங்கினால், ஏற்கனவே வங்கிகளிடம் இருந்த பணம் அரசின் கைக்கு மாறும். மத்திய வங்கி உருவாக்கும் பணத்தின் அளவு கூடாது. அதே 400 கோடியை மத்திய வங்கி 12 வீதத்துக்கு எடுத்தால், அரசின் கணக்கில் 400 கோடி புதிதாக எழுதப்படும். யாருடைய கணக்கிலும் குறையாது. அது சம்பளமாகவும் ஒப்பந்தக் காசாகவும் வெளியே வரும்போது, அதே அளவு அரிசியையும் டொலரையும் கூடுதலான ரூபா துரத்தும்.

முன்னர் நடந்தது இதுதான். ஏலத்தை நடத்தியதும் மத்திய வங்கியின் பொதுப்படுகடன் திணைக்களம். விலைபோகாததை எடுத்ததும் மத்திய வங்கி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஏலங்களுக்கு உச்ச வட்டி வீதம் விதிக்கப்பட்டது. அந்த வீதத்துக்கு மற்றவர்கள் வர மறுக்க, மத்திய வங்கியிடம் சேர்ந்த அரச பிணையங்கள் பெருகின. 2019 இறுதியில் 10,000 கோடி ரூபாவுக்கும் குறைவாக இருந்த தொகை, 2022 இறுதியில் இரண்டு இலட்சம் கோடியைத் தாண்டியது.

2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். டொலர் தட்டுப்பாடு, உரத்தடை, உலகச் சந்தை விலைகள் ஆகியவையும் இதற்குக் காரணம். ஆனால் புதிதாக வந்த பணம் ரூபாவின் வீழ்ச்சியையும் சேர்த்தே தள்ளியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒரு தடவை 100,000 ரூபா வழங்க 2022 மார்ச்சில் அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. நீதி கேட்டு நின்ற தாய்மார் பலர் அதை நிராகரித்தது வேறு விடயம். காசாக மட்டும் பார்த்தாலும், 2021 செப்ரெம்பரில் 100,000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு ஒரு வருடத்தின் பின் சுமார் 170,000 ரூபா தேவைப்பட்டது. அச்சடித்த காசுக்கான வரியை, காணியோ டொலரோ இல்லாமல் ரூபாவை மட்டும் கையில் வைத்திருந்தவர்களே அதிகம் கட்டினார்கள்.

தடைக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. நிதியாண்டின் தொடக்கத்தில் அரசு தற்காலிக முற்பணம் பெறலாம். ஆனால் அது முந்தைய ஆண்டின் முதல் நான்கு மாத வருமானத்தில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கட்டவும் வேண்டும். 1949ஆம் ஆண்டின் நாணயவிதிச் சட்டத்தில் இந்த எல்லை, முழு ஆண்டுக்கும் மதிப்பிடப்பட்ட வருமானத்தின் 10 வீதமாக இருந்தது. மதிப்பீட்டைப் பெருப்பித்தால் கடனும் பெருகும். நிலுவையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

இரண்டாந்தரச் சந்தையில், அதாவது ஏற்கனவே விற்கப்பட்ட பிணையங்களை வங்கிகளிடமிருந்து வாங்க, மத்திய வங்கிக்கு இன்னமும் அனுமதி உண்டு. வங்கிகளிடையே பணத்தட்டுப்பாடு வரும்போது வட்டியைச் சீராக வைக்க அது தேவை. அங்கே அரசு ஏற்கனவே சந்தை கேட்ட வட்டிக்குக் கடன்பட்டிருக்கும். மத்திய வங்கி எப்போது, எவ்வளவு வாங்குவது என்பதைத் தானே தீர்மானிக்கும். ஆனால் புதன்கிழமை வாங்கியதை மறுநாளே மத்திய வங்கி எடுத்துக்கொள்ளும் என்று வங்கிகள் நம்பத் தொடங்கினால், அது பின்கதவால் வரும் அதே கடன்தான்.

இந்தச் சட்டம் அரசு கடன்படுவதைத் தடுக்காது. வங்கிகளும் ஊழியர் சேமலாப நிதியும் தொடர்ந்து கடன் கொடுக்கலாம். செலவின் நோக்கத்தையும் அது பார்ப்பதில்லை: பாதுகாப்புச் செலவானாலும் வீட்டுத்திட்டமானாலும், வரி, சந்தைக் கடன் போன்ற வழிகளிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே எங்களுக்கான வீட்டுத்திட்டத்தை மத்திய வங்கியிடம் அல்ல, வரவு செலவுத்திட்டத்தில்தான் கேட்கவேண்டும்.

விதி மதிக்கப்படுகிறதா என்பதைச் சாதாரண வாசகரும் கவனிக்கலாம். ஏலத்தின் பின் எவ்வளவு கோரப்பட்டது, எவ்வளவு ஏற்கப்பட்டது என்ற அறிவித்தல் வரும். மத்திய வங்கியின் வாராந்தப் பொருளாதாரக் குறிகாட்டிகளில் அது வைத்திருக்கும் அரச பிணையங்களின் தொகை இருக்கும். ஏலங்கள் நிரம்பாத வாரங்களைத் தொடர்ந்து அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனால், அடுத்த விலையேற்றத்துக்கு முன்பே கேள்வி கேட்கவேண்டும்.