ரிசல்ட்டுக்கு முன் வீங்கும் ஆப்ஷன்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, ரிசல்ட் நல்லா வந்து பங்கு 2 சதவீதம் ஏறுச்சு. நான் வாங்கின கால் ஆப்ஷன் மட்டும் இறங்கிருச்சே, எப்படி?" பேங்க்ல இருக்கேன்னா இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும் போல!

கொஞ்சம் பின்னால் போவோம். 1973-ல் பிளாக், ஷோல்ஸ் இருவரும் ஆப்ஷன் விலைக்கான சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதில் நமக்குத் தெரியாதது ஒன்றுதான்: பங்கு இனி எவ்வளவு ஆடும்? சந்தை விலையைப் போட்டு, சூத்திரத்தைத் திருப்பி, அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தால் அதுதான் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி. 1979-லேயே படேல், உல்ஃப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க ஆப்ஷன் விலைகளை வைத்து, இது ரிசல்ட் நெருங்க நெருங்க ஏறி, வந்ததும் விழுவதைக் காட்டினார்கள்.

நம் என்.எஸ்.இ.யில் பங்கு ஆப்ஷன் வந்தது 2001 ஜூலையில். இரண்டு வருஷத்துக்குள் பாடம் கிடைத்தது. 2003 ஏப்ரல் 10 அன்று இன்ஃபோசிஸ் அடுத்த ஆண்டுக்குச் சொன்ன கணிப்பு ஏமாற்றம் தர, பங்கு ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. சாதாரண நாளில் இப்படி ஆடாது. ரிசல்ட் நாள் தனி ஜாதி.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. பங்கு 1000 ரூபாய். ஆப்ஷன் முடிய 10 வர்த்தக நாள். சாதாரண நாளில் 2 சதவீதம் ஆடும், ரிசல்ட் நாளில் 8. ஆட்டத்தை அப்படியே கூட்டக் கூடாது, வர்க்கப்படுத்திக் கூட்டணும். ஒன்பது நாளுக்கு 36, ரிசல்ட் நாள் ஒன்றுக்கே 64. மொத்தம் 100, அதன் வர்க்கமூலம் 10 சதவீதம். 1000 ரூபாய் ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் சுமார் 40 ரூபாய். வருஷக் கணக்கில் வாலட்டிலிட்டி 50 சதவீதம்.

நாளைக்கே ரிசல்ட் வந்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 36 மட்டும்தான். அதாவது 6 சதவீத ஆட்டம், வாலட்டிலிட்டி 32. பங்கு நகராவிட்டால் அந்த 40 ரூபாய் 24 ஆகிவிடும். 2 சதவீதம் ஏறினாலும் சுமார் 35தான். தம்பியின் கணிப்பு சரி, கொடுத்த விலைதான் அதிகம். போட்ட காசு திரும்பவே பங்கு கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறியிருக்கணும்.

இன்னொரு நுணுக்கம். நாள் நெருங்கும்போது வாலட்டிலிட்டி ஏறும், ஆனால் பிரீமியம் தினமும் ஏறிக்கொண்டே போகாது. மற்ற ஆப்ஷன் வேகமாகக் கரையும்போது இது மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். பிரீமியம் குதிப்பது, ரிசல்ட் தேதி ஆப்ஷன் முடிவதற்குள் வருகிறது என்று தெரியும்போதும், எதிர்பார்க்கும் ஆட்டம் பெரிதாகும்போதும்தான்.

'அப்படியானால் விற்றே சம்பாதிக்கலாமே' என்றான். 2013 ஏப்ரல் 12-ஐ ஞாபகப்படுத்தினேன். அதே இன்ஃபோசிஸ், அதே ரிசல்ட் நாள், சுமார் 21 சதவீத வீழ்ச்சி. நம் கணக்கில் போட்ட 8 எங்கே, அந்த 21 எங்கே? அன்று புட் விற்றவருக்கு வாங்கிய பிரீமியம் எந்த மூலைக்கு?

தம்பி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.