பிளாஷ் உருவப்படத்தில் தலை மினுமினுப்பு

வழுக்கைத் தலை, ஏறுநெற்றி, புதிதாக மழித்த மொட்டை ஆகியவற்றின் மேல் பிளாஷ் ஒளி பட்டு, படத்தில் வெள்ளைத் திட்டாக விழுவதே தலை மினுமினுப்பு. கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பகுதிகளின் விழாப் படங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். மணமேடையில் வரிசையாக நிற்கும் பெரியவர்கள் ஒரு காரணம். பழனியிலோ குலதெய்வக் கோயிலிலோ மொட்டை போட்டுக் காது குத்தும் வழக்கம் இன்னொன்று. காதுகுத்துப் படத்தில் குழந்தையின் மொட்டையும், அதை மடியில் வைத்திருக்கும் தாய்மாமனின் ஏறுநெற்றியும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன.

தோலின் மேல் விழும் ஒளி இரு வகையாகத் திரும்புகிறது. பெரும்பகுதி தோலுக்குள் புகுந்து, சிதறி, தோலின் நிறத்தை ஏற்றுக்கொண்டு எல்லாத் திசைகளிலும் வெளிவருகிறது. சிறு பகுதி, நேராக விழும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு, மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவதுபோலத் தெறிக்கிறது. இந்தத் தெறிப்புக்குத் தோலின் நிறம் கிடையாது. பிளாஷின் வெள்ளையே அப்படியே வரும். எண்ணெயும் வியர்வையும் தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பி மேற்பரப்பை வழவழப்பாக்குவதால் தெறிப்பு ஓரிடத்தில் குவிகிறது. தெறிக்கும் அளவு கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கறுத்த தோல் சிதறவிடும் ஒளி குறைவு என்பதால் அதன் மேல் வெள்ளைத் திட்டு இன்னும் துருத்தித் தெரியும். வெளுத்த தோலை வைத்து எழுதப்பட்ட பாடங்களை அப்படியே பின்பற்றுபவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான்.

மூக்குக்கண்ணாடியில் விழும் பிளாஷைக் கோணம் மாற்றித் தவிர்த்துவிடலாம். தலையில் அது நடக்காது. எவர்சில்வர் சொம்பின் வயிற்றை எப்படித் திருப்பினாலும் அதில் ஜன்னல் தெரிவதுபோல, வளைந்த மண்டையில் ஏதோ ஓரிடம் விளக்கைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். அந்த இடம் விளக்கின் திசைக்கும் கேமராவின் திசைக்கும் நடுவில் அமையும். கேமரா மேலேயே பிளாஷ் இருந்தால் திட்டு நெற்றி நடுவில் விழும். கூரையில் அடித்துத் திருப்பினால் ஒளி ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். அப்போது திட்டு 40, 45 பாகை மேலே, சரியாக முடி ஏறிய இடத்தில் உட்காரும். உருவப்படத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கூரைத் தெறிப்பு வழுக்கைத் தலைக்கு மட்டும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான். கூரை உயரமான கல்யாண மண்டபங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பக்கச் சுவரில் அடிப்பது மேல். திட்டு நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒதுங்கி, சுவரின் அகலத்தால் மங்கலாகவும் விழும்.

கோணம் மாற்றித் திட்டை அகற்ற முடியாது என்றால் மங்கலாக்க வேண்டும். தலையில் தெரிவது விளக்கின் பிம்பம். விளக்கு பெரிதானால் அதே ஒளி அகன்ற பரப்பில் பரவி, பிம்பத்தின் பிரகாசம் குறையும். கையடக்க பிளாஷின் முகம் 4 செ.மீ.க்கு 7 செ.மீ., அதாவது 28 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் குறுக்களவுள்ள வெள்ளைக் குடையின் பரப்பு சுமார் 7,850 சதுர செ.மீ. அதே தூரத்திலிருந்து முகத்துக்கு அதே வெளிச்சம் தரும்போது குடையின் பிம்பம் ஏறத்தாழ 280 மடங்கு மங்கலாக இருக்கும். வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் தோலோடு கலந்த மெல்லிய பளபளப்பு மட்டும் மிஞ்சும். உட்புறம் வெள்ளியாக மின்னும் குடை இதே அளவுக்கு உதவாது. அதன் நடுப்பகுதி மட்டும் அதிகம் பிரகாசிப்பதால் திட்டு மறுபடி கூராகிவிடும்.

குடையின் அளவுக்குச் சமமாக முக்கியமானது அதன் தூரம். 2 மீட்டரில் இருந்த குடையை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால், முகத்தின் வெளிச்சம் மாறாமலிருக்க பிளாஷின் சக்தியைக் கால் பங்காக்க வேண்டும். பிம்பத்தின் பிரகாசமும் ஏறத்தாழக் கால் பங்காகும். பரப்பு 4 மடங்காகப் பெருகும். மென்மையான ஒளி வேண்டும் என்று பெரிய குடை வாங்கி அதை மண்டபத்தின் மூலையில் நிறுத்துபவர்கள் வாங்கிய பலனைத் தூரத்தில் தொலைக்கிறார்கள்.

காதுகுத்துப் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். மாமன் நாற்காலியில், குழந்தை மடியில். குடை பக்கவாட்டில் 45 பாகையில், சட்டத்துக்கு வெளியே எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, மாமனின் கண்மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்க வேண்டும். கேமரா மாமனின் கண்மட்டத்தில் இருந்தால் போதும். எழுந்து நின்று குனிந்து எடுத்தால் இரு மண்டைகளின் உச்சியும் அகலமாகத் தெரிந்து மினுமினுப்புக்கு இடம் கூடும். பக்கத்தில் வீடியோக்காரர் விளக்கை உயர்த்திப் பிடித்திருந்தால், அந்தச் சிறு விளக்கும் தலையில் தனித் திட்டாகப் பதியும். திட்டு இரண்டாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

தலையைத் தயார்செய்வது ஒளியமைப்பில் பாதி வேலை. கைக்குட்டையால் தேய்த்தால் எண்ணெய் பரவும். மெல்லிய காகிதத்தை ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு நிறமற்ற மேக்கப் பவுடரையோ தோல் நிறத்துக்கு ஒத்த காம்பாக்ட்டையோ பஞ்சால் அழுத்தி வைக்கலாம். ஈரத்தின் மேல் வைத்தால் கட்டிகட்டியாக நிற்கும். வீட்டு டால்கம் பவுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் நேர் பிளாஷில் சாம்பல் பூசியதுபோல வெளுத்துவிடும். முடி தொடங்கும் ஓரத்தில் பவுடர் தங்கினால் கறுத்த முடி நரைத்ததாகத் தோன்றும். அங்கே தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

மொட்டைக்குப் பவுடர் தேவைப்படுவதில்லை. முடியிறக்கிய தலையில் சந்தனம் பூசுவது பழனி வழக்கம். அது சம்பிரதாயம் என்றாலும் படமெடுப்பவருக்கு வாய்த்த வரம். காய்ந்த சந்தனத் துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் தெறிப்பு அநேகமாக மறைகிறது. ஆனால் ஈரச் சந்தனம் வெறும் தோலைவிட அதிகமாகவே மின்னும். மேற்பரப்பின் நீர்ப்பசை போகும்வரை காத்திருக்க வேண்டும். மிகவும் காய்ந்தால் வெடிப்பு விழும், பக்கத்து ஒளியில் அந்த வெடிப்புகள் கோடுகோடாகத் தெரியும். சந்தனம் முகத்தைவிட வெளிர்நிறம் என்பதையும் மறக்கலாகாது. முகத்துக்கு ஏற்றபடி ஒளி வைத்தால் தலை வெளுத்துப்போகும். குடையைச் சற்றுத் தாழ்த்தி ஒளியை முகத்தின் பக்கம் திருப்பினால் இரண்டும் சமன்படும்.

தெறிப்பை முற்றாக நீக்க ஒரு வழி உண்டு. பிளாஷின் முன் ஒளிமுனைவுத் தாளும் லென்ஸில் ஒளிமுனைவு வடிகட்டியும் வைத்து, இரண்டையும் குறுக்காகத் திருப்ப வேண்டும். தெறித்த ஒளி தன் முனைவை இழக்காததால் வடிகட்டியில் நின்றுவிடும். தோலுக்குள் சிதறி வந்தது உள்ளே வரும். விலையாக ஏறத்தாழ 3 ஸ்டாப் ஒளி போகும், அதாவது மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. குடையோடு சேர்த்தால் தாள் குடைக்கும் ஆளுக்கும் இடையில் இருக்க வேண்டும், ஏனெனில் வெள்ளைத் துணி முனைவைக் கலைத்துவிடும். அவ்வளவு பெரிய தாள் எளிதில் கிடைப்பதில்லை. தோல் மருத்துவப் படங்களுக்கு உதவும் இந்த முறை உருவப்படத்துக்கு ஏற்றதல்ல என்றே சொல்லலாம். மினுமினுப்பு முழுவதும் போன மண்டை களிமண்ணில் பிடித்ததுபோல வடிவிழந்து நிற்கும்.

படம் எடுத்த பின் திருத்துவதற்கும் எல்லை உண்டு. திட்டு முற்றிலும் வெளுத்திருந்தால் அங்கே தோலின் தகவல் எதுவும் பதிவாகியிருக்காது. RAW கோப்பிலும் மீளாது. கேமராவின் திரையில் அந்த இடம் மினுக்கினால், அரை ஸ்டாப் குறைத்து மறுபடி எடுப்பதே பாதுகாப்பு. தகவல் மிஞ்சியிருந்தால், போட்டோஷாப்பில் படத்தின் அடுக்கை நகலெடுத்து, அந்த நகலில் Clone Stamp கருவியை Darken முறையில், 20 முதல் 30 விழுக்காடு Opacity-இல் வைத்து, பக்கத்துத் தோலைத் திட்டின் மேல் சில முறை படியவிடலாம். மூன்றில் ஒரு பங்கு பளபளப்பாவது மிஞ்சும்போதே கையை எடுத்துவிட வேண்டும்.