டாக்கர் கன்டெய்னர்

டாக்கர் கன்டெய்னர் என்பது ஒரு கணினியின் கெர்னல் மேல் ஓடும் சாதாரண ப்ராசஸ், அல்லது சேர்ந்து ஓடும் சில ப்ராசஸ்கள். தனி வட்டு, தனி நெட்வொர்க் முகவரி, தனிப் பயனர் பட்டியல் எல்லாம் தனக்கு இருப்பதாக அந்த ப்ராசஸ் நினைத்துக்கொள்ளும்படி, கெர்னல் அதன் பார்வையைச் சுருக்கி வைக்கிறது. மெய்நிகர் இயந்திரம் அப்படியல்ல. அதில் செயலி, நினைவகம், வட்டு, நெட்வொர்க் அட்டை ஆகிய வன்பொருள்கள் மென்பொருளால் உருவாக்கிக் காட்டப்படுகின்றன. அவற்றின் மேல் ஒரு முழு இயங்குதளம், தன் சொந்தக் கெர்னலோடு, முதலிலிருந்து தொடங்கி எழுகிறது. இரண்டுக்கும் இடையே சொல்லப்படும் வேகம், அளவு, பாதுகாப்பு வேறுபாடுகள் அனைத்தும் கெர்னல் யாருடையது என்ற கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன. கன்டெய்னரை 'சின்ன மெய்நிகர் இயந்திரம்' என்று அறிமுகப்படுத்தும் வழக்கம் பயிற்சி வகுப்புகளில் பரவலாக உண்டு. முதல் நாளுக்கு அது உதவும்; பிறகு குழப்பத்தைத்தான் வளர்க்கும். (விண்டோஸ் கெர்னல் மேல் ஓடும் கன்டெய்னர்களும் உள்ளன. இக்கட்டுரை லினக்ஸ் கன்டெய்னர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது.)

தோற்றம்

மெய்நிகர் இயந்திரம் பழைய யோசனை. ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் வி.எம்/370 என்ற பெயரில் தன் பெருங்கணினிகளுக்காக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண மேசைக் கணினிகளுக்கு அதைக் கொண்டுவந்ததில் 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. லினக்ஸ் கெர்னலிலேயே மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம் 2007இல் சேர்ந்தது.

கன்டெய்னருக்கு வேண்டிய துண்டுகள் லினக்ஸில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு ப்ராசஸ் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் நேம்ஸ்பேஸ் 2002இல் தொடங்கியது. எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் எடுக்கலாம் என்று வரம்பு கட்டும் சிகுரூப் கூகுள் பொறியாளர்களால் எழுதப்பட்டு 2008இல் கெர்னலுக்குள் வந்தது. டாக்கர் இவை இரண்டையும் கண்டுபிடிக்கவில்லை. டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் ஒரு குறும்பேச்சில் அதை அறிமுகப்படுத்தியபோது, புதிதாக இருந்தது பொதியும் முறைதான். ஒரு நிரலையும் அது ஓடுவதற்கு வேண்டிய கோப்புகள் அனைத்தையும் ஓர் இமேஜாகக் கட்டி, பெயரிட்டு, வேறொரு சர்வரில் ஒரே கட்டளையில் இறக்கி ஓட்டலாம் என்பதே அது.

கெர்னல் யாருடையது

உபுண்டு 24.04 நிறுவிய ஒரு சர்வரில் பின்வரும் கட்டளைகளை அடுத்தடுத்துக் கொடுத்துப் பார்க்கலாம்:

```
$ uname -r
6.8.0-60-generic
$ docker run --rm debian:12 uname -r
6.8.0-60-generic
```

இரண்டாவது கட்டளை டெபியன் 12 இமேஜிலிருந்து ஒரு கன்டெய்னரைத் தொடங்குகிறது. டெபியன் 12 தன்னுடன் தரும் கெர்னல் 6.1 வரிசையைச் சேர்ந்தது. ஆனால் விடையாக வருவது உபுண்டுவின் 6.8. ஏனென்றால் இமேஜுக்குள் கெர்னலே இல்லை. டெபியனின் நூலகங்களும் கட்டளைகளும் அமைப்புக் கோப்புகளும் மட்டுமே இருக்கின்றன. அதே சர்வரில் டெபியன் 12ஐ மெய்நிகர் இயந்திரமாக நிறுவிக் கேட்டால் 6.1 என்று விடை வரும். கெர்னலை எழுப்பும் வேலை இல்லாததால்தான் கன்டெய்னர் ஒரு நொடிக்குள் தொடங்கிவிடுகிறது. மெய்நிகர் இயந்திரம் தன் ஃபர்ம்வேர், பூட்லோடர், கெர்னல், சேவைகள் என்று படிப்படியாக எழ வேண்டும்.

கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் தன் எண்ணை 1 என்று காணும். வெளியே சர்வரில் `ps -ef` கொடுத்தால் அதே நிரல் வேறொரு பெரிய எண்ணோடு மற்ற ப்ராசஸ்களின் வரிசையில் நிற்கும். சர்வரின் ரூட் பயனர் அதை அங்கிருந்தே நிறுத்திவிடலாம். மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் நிரல்கள் வெளியே இப்படித் தெரிவதில்லை. அந்த முழு இயந்திரமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றை ப்ராசஸ்தான்.

எடுத்துக்காட்டு: வாழைத்தார் ஏல ரசீது

சிறுமலையிலிருந்து இறங்கும் வாழைத்தார்களைத் திண்டுக்கல்லில் ஏலம் விடும் ஒரு கமிஷன் கடைக்கு, தமிழில் ரசீது அச்சிடும் சிறு பைத்தான் நிரல் ஒன்று எழுதப்படுகிறது என்று கொள்வோம். விவசாயியின் பெயர், தார் எண்ணிக்கை, ஏல விலை, கமிஷன், கையில் கொடுத்த தொகை ஆகியவற்றை வாங்கி அது ஒரு பிடிஎஃப் உருவாக்குகிறது. எழுதியவரின் மடிக்கணினியில் எல்லாம் சரியாக ஓடுகிறது. `python:3.12-slim` இமேஜ் மேல் அதைக் கன்டெய்னராக்கிக் கடைக்கான சர்வரில் ஏற்றியதும் இரண்டு கோளாறுகள் தெரிகின்றன.

முதலாவது, ரசீதில் எண்கள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள். சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் எழுத்துரு என்பது கோப்பு. கன்டெய்னருக்குத் தெரிவது இமேஜில் உள்ள கோப்புகள் மட்டும். அளவைக் குறைக்க வெட்டப்பட்ட அந்த இமேஜில் தமிழ் எழுத்துரு கிடையாது.

இரண்டாவது கோளாறு உடனே கண்ணில் படாது. விடியற்காலை 5 மணிக்கு நடந்த ஏலத்தின் ரசீது முந்தைய நாள் தேதியோடு, இரவு 11.30 என்று அச்சாகிறது. மாலையில் நாள்கணக்குக் கூட்டும்போது காலை 5.30க்கு முன் வந்த வரவெல்லாம் நேற்றைய கணக்கில் விழுந்திருப்பது தெரியவரும். இங்கே கடிகாரம் தவறவில்லை. கடிகாரம் கெர்னலுடையது, கன்டெய்னரும் சர்வரும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த நேரத்தை எந்த மண்டலத்தில் எழுதிக் காட்டுவது என்ற அமைப்புதான் இமேஜின் கோப்புகளில் இருக்கிறது, அதன் இயல்புநிலை யுடிசி. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஒரே ரசீதில் எது உள்ளிருந்து வந்தது, எது வெளியிலிருந்து கடன் வாங்கப்பட்டது என்பது இப்படிப் பிரிந்து தெரிகிறது.

பலர் முதலில் செய்வது `docker exec` மூலம் ஓடும் கன்டெய்னருக்குள் நுழைந்து எழுத்துருவைக் கையால் நிறுவுவது. தமிழும் வந்துவிடும். அடுத்த வாரம் நிரலின் புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய கன்டெய்னர் நீக்கப்பட்டுப் புதியது உருவாகும், கட்டங்கள் திரும்பி வரும். இமேஜ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, மாற்ற முடியாத அடுக்குகளால் ஆனது. கன்டெய்னர் ஓடும்போது எழுதப்படும் அனைத்தும் மேலே வைக்கப்படும் ஒரு மெல்லிய அடுக்கில் விழுகின்றன. `docker stop` கொடுத்தால் அந்த அடுக்கு அப்படியே இருக்கும். `docker rm` கொடுத்தால் அதுவும் போய்விடும். மெய்நிகர் இயந்திரத்தில் ஒருமுறை நிறுவியது அதன் வட்டில் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு கன்டெய்னருக்கு வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

எனவே திருத்தம் இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் எழுதப்பட வேண்டும்:

```
FROM python:3.12-slim
RUN apt-get update && apt-get install -y fonts-noto-core
ENV TZ=Asia/Kolkata
WORKDIR /app
COPY . .
RUN pip install -r requirements.txt
CMD ["python", "raseedu.py"]
```

இரண்டாம் வரி தமிழ் எழுத்துருவையும் உள்ளடக்கிய நோட்டோ தொகுப்பைச் சேர்க்கிறது. மூன்றாம் வரி நேர மண்டலத்தை மாற்றுகிறது. இனி எந்த சர்வரில் இறக்கினாலும் ரசீது ஒரே மாதிரி வரும். ஏலக் கணக்கு எழுதப்படும் தரவுத்தளக் கோப்பை மட்டும் கன்டெய்னருக்குள் விடக் கூடாது. அதை `-v` மூலம் ஒரு வால்யூமில், அதாவது கன்டெய்னர் போனாலும் போகாத இடத்தில், வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு சீசனின் கணக்கை ஒரே `docker rm` கட்டளையில் இழப்பது நடக்கக்கூடியதுதான்.

நினைவக வரம்பு

அதே நிரலை 8 ஜிபி சர்வரில் `-m 512m` என்று வரம்பு கட்டி ஓட்டுவோம். உள்ளே நுழைந்து `grep MemTotal /proc/meminfo` கொடுத்தால் 512 எம்பி என்று வராது, சர்வரின் முழு 8 ஜிபியும் தெரியும். `/proc/meminfo` கெர்னல் சொல்லும் கணக்கு. வரம்பைக் காவல் காப்பது சிகுரூப். இரண்டும் தனித்தனியே இயங்குகின்றன. மொத்த நினைவகத்தைப் பார்த்துத் தன் அளவைத் தீர்மானிக்கும் மென்பொருள் இங்கே ஏமாறும். ஜாவா நெடுநாள் இப்படித்தான் ஏமாந்துகொண்டிருந்தது. பத்தாம் பதிப்பிலும், பின்பு எட்டாம் பதிப்பின் பிந்தைய வெளியீடுகளிலும் கன்டெய்னர் வரம்பைப் பார்க்கும்படி திருத்தப்பட்டது.

வரம்பு மீறினால் கெர்னல் அந்த ப்ராசஸைக் கொன்றுவிடும். நிரலின் பதிவில் பெரும்பாலும் எந்தப் பிழைச் செய்தியும் இருக்காது. `docker ps -a` பட்டியலில் 137 என்ற வெளியேற்ற எண் தெரியும். `docker inspect` விடையில் `"OOMKilled": true` என்று இருந்தால் காரணம் உறுதி. 512 எம்பி கொடுக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரத்தில் இந்த மயக்கம் இல்லை. அதன் கெர்னல் தன்னிடம் இருப்பதே அவ்வளவுதான் என்று நம்புகிறது. ஆனால் அந்த நினைவகத்தில் ஒரு பகுதியை அக்கெர்னலும் அதன் சேவைகளுமே எடுத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு

கெர்னலைப் பகிர்வதன் விலை இங்கே கொடுக்கப்படுகிறது. கெர்னலில் ஓர் ஓட்டை இருந்தால், அதன் மேல் ஓடும் எந்தக் கன்டெய்னரும் அதைத் தொட்டுப் பார்க்கலாம். கன்டெய்னரைத் தொடங்கி வைக்கும் `runc` என்ற நிரலிலேயே 2019 பிப்ரவரியில் ஓர் ஓட்டை (`CVE-2019-5736`) வெளியானது. உள்ளே ரூட்டாக ஓடும் தீய நிரல் சர்வரின் `runc` கோப்பையே மாற்றி எழுதி, சர்வர் முழுவதையும் கைப்பற்ற அது வழி தந்தது. மெய்நிகர் இயந்திரத்திலிருந்து தப்பி வெளியேறுவதும் முடியாத காரியமல்ல. 2015இல் வெளியான வெனம் என்ற ஓட்டை, கியூஈமுவில் யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி வட்டுக் கட்டுப்பாட்டியின் நிரலில் இருந்தது. ஆனாலும் தாக்குபவருக்குக் கிடைக்கும் பரப்பு அங்கே சிறியது. லினக்ஸ் கெர்னலின் நூற்றுக்கணக்கான சிஸ்டம் கால்களுக்குப் பதில், சில போலி வன்பொருள்கள் மட்டுமே எதிரில் நிற்கின்றன. ஆகவே, ஒருவரையொருவர் நம்பாத வாடிக்கையாளர்களின் நிரல்களை ஒரே சர்வரில் வைக்க நேர்ந்தால், நடுவே மெய்நிகர் இயந்திரத்தின் சுவர் இருப்பது நல்லது.

இரண்டும் சேர்ந்து

நடைமுறையில் ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. விண்டோஸ் மடிக்கணினியில் டாக்கர் டெஸ்க்டாப் நிறுவும் மாணவர் ஓட்டும் லினக்ஸ் கன்டெய்னர், உண்மையில் பின்னணியில் ஓடும் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கிறது. அங்கே `uname -r` கொடுத்தால் விடையில் `microsoft-standard-WSL2` என்ற பெயரே அதைக் காட்டிக்கொடுக்கும். மேக் கணினியிலும் நிலைமை இதுதான்.

தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கித் திட்டங்களுக்கும் கருவிகளும் தானியங்கிகளும் எழுதும் தன்னார்வலர்களுக்கு விக்கிமீடியா அறக்கட்டளை இரு வகை இடம் தருகிறது. டூல்ஃபோர்ஜில் கருவிகள் குபர்நெட்டிஸ் நிர்வகிக்கும் கன்டெய்னர்களாக ஓடுகின்றன. பலருக்கு அதுவே போதும்: நிரலைக் கொடுத்தால் ஆயிற்று, கீழே இருக்கும் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் வேலை அவர்களுடையதல்ல. முழு ரூட் உரிமை, தனிச் சேவைகள், தன் விருப்பப்படியான அமைப்பு வேண்டும் என்பவர்கள் கிளவுட் விபிஎஸ்ஸில் மெய்நிகர் இயந்திரம் கேட்டு வாங்கலாம்; அதைப் பராமரிக்கும் பொறுப்பும் கூடவே வரும். டூல்ஃபோர்ஜின் கன்டெய்னர்களும் அதே கிளவுட் விபிஎஸ்ஸின் மெய்நிகர் இயந்திரங்கள் மேல்தான் ஓடுகின்றன.